ஒரே தட்டுப் பணியாரம், ஐந்து கோணங்கள்: சமையல் குறிப்புக்கான படத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

சமைத்ததைப் படமெடுக்கப் புதிதாகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் தட்டைச் சுற்றிச் சுற்றி வந்து முப்பது நாற்பது படங்களை எடுத்துத் தள்ளிவிடுவார்கள். இரவில் படுத்துக்கொண்டு அவற்றை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்து, கண்ணுக்குப் பிடித்த ஒன்றைச் சமையல் குறிப்புக்கு மேலே வைத்துவிடுவார்கள். நானும் வெகுநாள் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன். தாழ்வான கோணம் என் சமையலுக்கு ஒத்துவராது என்று ஒரு முடிவுக்குக்கூட வந்திருந்தேன். ஒருநாள் படங்கள் எடுத்த நேரத்தைப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. நான் எப்போதும் நேர் மேலிருந்து ஆரம்பித்து, கடைசியில்தான் குனிந்து தாழ்வாக எடுப்பேன். அதற்குள் கால் மணி நேரம் ஓடியிருக்கும். பணியாரம் அமுங்கி, எண்ணெய்ப் பளபளப்பு வற்றி, சட்னியில் ஆடை படிந்திருக்கும். ஆறிப்போன பணியாரத்தின் குறையைக் கோணத்தின் தலையில் கட்டியிருந்தேன்.

கோணங்களை ஒப்பிட வேண்டுமென்றால் கோணம் மட்டுமே மாற வேண்டும். வெளிச்சம், தூரம், தட்டு, உணவின் சூடு எல்லாம் அப்படியே இருக்க வேண்டும். கேட்பதற்கு எளிது, செய்யும்போதுதான் ஒவ்வொன்றாக நழுவும். அவற்றைப் பிடித்துவைக்கும் வழியைக் காரக் குழிப்பணியாரத்தை வைத்தே சொல்கிறேன். இந்தப் பண்டத்தை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. பணியாரத்தின் உருண்டை வடிவம் பக்கவாட்டில்தான் தெரியும். கூட வைக்கும் தக்காளிச் சட்னி மேலிருந்துதான் தெரியும். ஒன்றுக்கு நல்லதாக இருக்கும் கோணம் மற்றொன்றுக்கு ஆகாது. கோணம் தேர்ந்தெடுப்பதைக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பண்டம் கிடைக்காது.

முதலில் காகிதம், பிறகு கேமரா

படம் எதைக் காட்ட வேண்டும் என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். இதை எடுத்த பிறகு எழுதினால், எடுத்த படத்துக்கு ஏற்றபடி மனம் காரணம் கற்பித்துவிடும். குழிப்பணியாரக் குறிப்பைப் படிப்பவருக்கு என்ன தெரிய வேண்டும்? குழியின் அடியில் பட்ட பக்கம் எவ்வளவு சிவக்க வேண்டும் என்பது தெரிய வேண்டும். உள்ளே எவ்வளவு துளைவிட்டு மெத்தென்று இருக்க வேண்டும் என்பது தெரிய வேண்டும்; மாவு சரியாகப் புளித்ததா என்பதற்கு அதுதான் சாட்சி. மூன்றாவதாக, தொட்டுக்கொள்ள என்ன என்பது தெரிந்தால் போதும். நான் எழுதியது இந்த மூன்று வரிதான்: சிவந்த தோல், உள்துளை, சட்னி. முக்கியத்துவமும் இதே வரிசையில்.

உள்துளை தெரிய வேண்டுமென்றால் ஒரு பணியாரத்தைப் பிட்டு வைத்தாக வேண்டும். கத்தியால் வெட்டினால் துளைகள் நசுங்கி, வெட்டுப்பக்கம் மழமழவென்று ஆகிவிடும். கையால்தான் பிட வேண்டும்.

வெளிச்சத்தையும் தூரத்தையும் கட்டிப்போடுதல்

ஜன்னல் உங்களுக்கு இடப்பக்கமோ வலப்பக்கமோ இருக்கும்படி மேசையைப் போடுங்கள். ஜன்னல் தட்டுக்குப் பின்னால் இருந்தால் படம் சில நேரம் மிக அழகாக வரும். ஆனால் ஒப்பிடுவதற்கு அது உதவாது. பின்னாலிருந்து வரும் வெளிச்சம் எண்ணெயில் பட்டுத் தெறித்து, தாழ்வாக இருக்கும் கேமராவுக்குள் நேராகப் போகும். மேலே இருக்கும் கேமராவுக்குப் போகாது. அதனால் கோணம் மாறும்போது வெளிச்சமும் மாறியதுபோல ஆகிவிடும். பக்கவாட்டு வெளிச்சத்தில் கேமராவை ஏற்றி இறக்கினாலும் நிழல் விழும் திசை மாறாது.

என் ஜன்னல் கிழக்குப் பார்த்தது. காலை ஒன்பது மணிக்கு வெயில் நேராக அடிக்கும். ஒரு மெல்லிய வெள்ளை வேட்டியைக் குறுக்கே தொங்கவிட்டேன். எதிர்ப்பக்கத்தில், பழைய டிவி பெட்டியில் வந்த தெர்மாகோல் அட்டையைத் தட்டுக்கு ஒரு சாண் தள்ளி நிறுத்தினேன். பணியாரத்தின் இருட்டுப் பக்கத்துக்கு அதிலிருந்து கொஞ்சம் வெளிச்சம் திரும்பும். சமையலறை விளக்கை அணைத்துவிடுங்கள். பகல் வெளிச்சத்தோடு பல்பின் மஞ்சள் கலந்தால் பணியாரத்தின் ஒரு பக்கம் பொன்னிறமாகவும் மறுபக்கம் சாம்பல் பூத்தும் தெரியும்.

அடுத்து தூரம். கைப்பேசியைத் தட்டின் நடுவிலிருந்து 20 சென்டிமீட்டர் தூரத்தில் தாழ்வாகப் பிடித்தால், 20 சென்டிமீட்டர் அகலத் தட்டின் முன்விளிம்பு கேமராவிலிருந்து 10 சென்டிமீட்டரிலும் பின்விளிம்பு 30 சென்டிமீட்டரிலும் இருக்கும். முன்னால் இருப்பது பின்னால் இருப்பதைவிட மூன்று மடங்கு பெரிதாகத் தெரியும். ஒரே குழியில் வெந்த பணியாரங்கள் ஒன்று போண்டாவாகவும் மற்றொன்று சீடையாகவும் காட்சி தரும். 50 சென்டிமீட்டர் தள்ளிப் போனால் இந்த வித்தியாசம் ஒன்றரை மடங்காகக் குறைந்துவிடும். தள்ளிப் போவதால் படத்தில் தட்டு சிறுத்துவிடுமே என்றால், 2x வைத்துக்கொள்ளுங்கள். மிக அருகில் போனால் சில கைப்பேசிகள் கேட்காமலேயே வேறு லென்ஸுக்கு மாறிவிடும். 50 சென்டிமீட்டரில் அந்தத் தொல்லையும் இல்லை.

50 சென்டிமீட்டருக்கு ஒரு நூலை வெட்டி, ஒரு முனையைத் தட்டின் நடுவில் பிடித்து, மறுமுனையைக் கேமராவில் வைத்து இழுத்துப் பாருங்கள். கோணத்தை அளக்கவும் தனிக் கருவி வேண்டாம். நூல் விறைப்பாக இருக்கும்போது கேமரா மேசைக்கு மேலே 9 சென்டிமீட்டரில் இருந்தால் கோணம் 10 பாகை. 21 சென்டிமீட்டர் என்றால் 25 பாகை. 35 என்றால் 45 பாகை. 45 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால் 65 பாகை. நேர் மேலே 50 என்றால் 90. ஒரு குச்சியில் இந்த ஐந்து உயரங்களையும் பேனாவால் குறித்து, சட்டகத்துக்கு வெளியே நிறுத்திவைத்தேன். 9 சென்டிமீட்டர் உயரத்துக்கு மட்டும் கைப்பேசியைத் தலைகீழாகப் பிடிக்க வேண்டும். அப்போதுதான் லென்ஸ் கீழே வரும்.

எடுத்த படத்திலேயே கோணத்தைச் சரிபார்க்கவும் முடியும். வட்டத் தட்டு சாய்த்துப் பார்க்கும்போது முட்டை வடிவமாகத் தெரியுமல்லவா? அதன் உயரத்தை அகலத்தால் வகுத்துப் பாருங்கள். ஏறத்தாழ 0.7 வந்தால் 45 பாகை, 0.5 வந்தால் 30 பாகை, 0.4 என்றால் 25 பாகை. ஒருவர் எடுத்த படம் உங்களுக்குப் பிடித்து, அதே கோணத்தில் எடுக்க ஆசைப்பட்டாலும் இந்தக் கணக்கு உதவும்.

கடைசியாக வெளிச்ச அளவு. மேலிருந்து எடுக்கும்போது சட்டகம் முழுக்கக் கறுத்த மர மேசை இருக்கும். கைப்பேசி தானாகவே படத்தை வெளிறச் செய்யும். தாழ்வாக எடுக்கும்போது பின்னால் வெள்ளைச் சுவர் தெரியும்; கைப்பேசி படத்தை இருட்டாக்கும். பணியாரம் சிவந்ததா கருகியதா என்பதே இதனால் மாறிப்போகும். ஐபோனில் பணியாரத்தின்மேல் விரலை அழுத்திப் பிடித்தால் `AE/AF LOCK` என்று வரும். அதன்பிறகு வேறெங்கும் தொடாமல் ஐந்து படங்களையும் எடுங்கள். மற்ற கைப்பேசிகள் பலவற்றிலும் இதே அழுத்தல் வேலை செய்யும். தூரமும் 50 சென்டிமீட்டராகவே இருப்பதால், குவியத்தைப் பூட்டினாலும் படம் கலங்காது.

எடுக்கும் வரிசை

முதல் ஈடு பணியாரம் பெரும்பாலும் கல்லில் ஒட்டிப் பிய்ந்துதான் வரும். அதைத் தின்றுவிடாதீர்கள். தட்டில் அடுக்கி, வெளிச்சம், குச்சி, நூல், பின்னணி எல்லாவற்றையும் அதை வைத்தே சரிசெய்யுங்கள். தாழ்வான கோணத்தில் நம் கண்ணுக்குத் தெரியாமல் கேமராவுக்கு மட்டும் தெரியும் சங்கதிகள் உண்டு. எனக்குப் பின்னணியில் எரிவாயு சிலிண்டரின் சிவப்பு மூலை வந்தது. நல்ல ஈடு வெந்து வருவதற்குள் அதை நகர்த்திவிட்டேன்.

நல்ல ஈடு இறங்கியதும், பிய்ந்தவை இருந்த அதே இடத்தில் ஏழு பணியாரங்களை வையுங்கள்: அடியில் ஐந்து, மேலே ஒன்று, முன்னால் பிட்டது ஒன்று. முதலில் 45 பாகையில் எடுங்கள். பிறகு 25, 10, 65, 90. எல்லாம் முடிந்ததும் மறுபடியும் 45 பாகைக்கு வந்து இன்னொரு படம் எடுங்கள். அந்தக் கடைசிப் படம்தான் காவல்காரன். முதல் படத்தையும் இதையும் அருகருகே வைத்துப் பார்த்து வித்தியாசம் தெரியவில்லை என்றால், இடையில் எடுத்த எல்லாவற்றையும் நம்பி ஒப்பிடலாம். தோல் சுருங்கியோ சட்னி வறண்டோ தெரிந்தால், ஒப்பிட வேண்டாம். அடுத்த ஈட்டை வைத்து மறுபடி எடுக்க வேண்டும். எனக்கு எல்லாம் சேர்த்து ஆறு நிமிடம் ஆனது. அந்த அளவுக்குப் பணியாரம் தாங்கியது.

படங்களுக்குக் கோணத்தையே பெயராக வைத்துவிடுங்கள். பிறகு எது எது என்று குழம்ப வேண்டியதில்லை:

```
paniyaram-10.jpg
paniyaram-25.jpg
paniyaram-45.jpg
paniyaram-45-end.jpg
paniyaram-65.jpg
paniyaram-90.jpg
```

ஒப்பிடும்போது

ஐந்தையும் ஒரே நேரத்தில் பார்த்தால் எதுவும் புலப்படாது. இரண்டிரண்டாகப் பார்த்து, தோற்றதை ஓரங்கட்டி, வென்றதை அடுத்ததோடு மோதவிடுங்கள். ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டியது அந்தக் காகிதத்தில் எழுதிய மூன்று வரிகளைத்தான். "எது அழகு" என்று கேட்டால் பதில் ஒவ்வொரு நாளும் மாறும். "எதில் உள்துளை தெரிகிறது" என்று கேட்டால் மாறாது.

90 பாகையில் எடுத்த படத்தில் சட்னி முழு வட்டமாக, கடுகு தாளித்தது வரை பளிச்சென்று தெரிந்தது. பணியாரம்தான் பரிதாபம். மேலிருந்து பார்த்தால் உருண்டைக்கும் வட்டத்துக்கும் வேறுபாடு இல்லை. உயரம் காணாமல் போய்விடுகிறது. எதிர் வீட்டுப் பையனிடம் அந்தப் படத்தை மட்டும், கட்டைவிரல் நகமளவுக்குச் சுருக்கிக் காட்டினேன். "குலாப் ஜாமூனா அக்கா?" என்றான். படம் அவ்வளவுதான். பண்டம் எது என்று தெரியாதவரிடம் சிறிதாக்கிக் காட்டிப் பெயர் கேட்பதைவிடக் கறாரான சோதனை எனக்குத் தெரியாது. பெரும்பாலானவர்கள் உங்கள் படத்தை முதலில் அந்த அளவில்தான் பார்க்கப் போகிறார்கள். ஒரே ஒரு நிபந்தனை: ஒருவரிடம் ஒரு படத்தைத்தான் காட்டலாம். ஒன்றைப் பார்த்தவருக்கு அடுத்தது தானாகவே புரிந்துவிடும்.

65 பாகையைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. 90-இன் ஒழுங்கும் இல்லை, 45-இன் உருவமும் இல்லை. மேடான பண்டங்களுக்கு இந்தக் கோணம் எனக்கு ஒருமுறையும் கைகொடுத்ததில்லை.

45 பாகையில் எல்லாம் ஓரளவு தெரிந்தது. பந்திக்கு உட்கார்ந்தவர் தட்டைப் பார்ப்பது ஏறக்குறைய இந்தக் கோணத்தில்தான் என்பதால் அடையாளம் காண்பதிலும் சிக்கல் இல்லை. பக்கத்து வீட்டு அம்மாள் உடனே "பணியாரம்" என்றார். ஆனால் பிட்ட பணியாரத்தின் உட்புறம் மேல்நோக்கிச் சாய்ந்திருந்தால்தான் துளை தெரிகிறது. நேராக நிமிர்ந்திருந்தால் பாதி மறைகிறது. என் பட்டியலின் இரண்டாவது வரி அரைகுறையாகத்தான் நிறைவேறியது.

25 பாகையில் பணியாரம் உயிர்பெற்றது. குழியின் அடியில் பட்டுச் சிவந்த பகுதியும், அதற்கு மேலே வெளிறிய வளையமும், பிட்ட பக்கத்தின் துளைகளும் துல்லியமாகத் தெரிந்தன. சட்னிதான் இல்லை; ஒரு எவர்சில்வர் கிண்ணத்தின் வெளிப்பக்கமும் அதன் வாயில் ஒரு சிவப்புக் கீற்றும் மட்டுமே தெரிந்தன. 10 பாகையில் அந்தக் கீற்றும் மறைந்தது. பணியாரக் குவியல் மலைபோல நின்றது. பார்க்க மிரட்டலாக இருந்தது. ஆனால் கிண்ணத்துக்குள் இருப்பது சட்னியா தண்ணீரா என்று யாருக்கும் தெரியாது.

ஆக, போட்டி 45-க்கும் 25-க்கும் இடையில். இங்கேதான் பலர் நடுவில் ஒரு எண்ணைப் பிடித்துச் சமரசம் செய்வார்கள். அதற்கு முன்னால் சட்னி ஏன் மறைந்தது என்று பார்க்க வேண்டும். கிண்ணத்தின் வாய் 7 சென்டிமீட்டர் அகலம். சட்னி விளிம்புக்கு 2 சென்டிமீட்டர் கீழே இருந்தது. 45 பாகையில் முன்விளிம்பு சட்னியில் 2 சென்டிமீட்டரை மறைக்கும். மிச்சம் 5 தெரியும். 25 பாகையில் 4 சென்டிமீட்டருக்கும் மேல் மறைந்துவிடும். எஞ்சியதும் சாய்வால் ஒடுங்கிக் கீற்றாகிவிடும். 10 பாகையில் மறைப்பு 11 சென்டிமீட்டர், கிண்ணமே 7தான். கோணத்தைக் குறை சொல்லி என்ன பயன்? குற்றம் கிண்ணத்தின் ஆழத்தில் இருக்கிறது.

அடுத்த ஈட்டுக்கு அதே கிண்ணத்தில் சட்னியை விளிம்புக்கு அரை சென்டிமீட்டர் வரை நிரப்பினேன். கேமராவை 25 சென்டிமீட்டர் உயரத்தில், அதாவது 30 பாகையில் வைத்தேன். இப்போது மறைந்தது ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு. சட்னி தெரிந்தது, சிவந்த தோல் தெரிந்தது, துளையும் தெரிந்தது. மூன்று வரிகளையும் ஒருசேர நிறைவேற்றிய முதல் படம் அதுதான். கோணத்தையும் பாத்திரத்தையும் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்க முடியாது என்பதை அன்றைக்குத்தான் கற்றேன். குழம்பு, பாயசம், ரசம் எதுவாக இருந்தாலும், விளிம்புவரை நிரப்பினால் தாழ்வாகப் போகலாம்; பாதி நிரப்பினால் மேலே ஏறித்தான் ஆக வேண்டும்.

தேர்ந்தெடுத்த படத்துக்கு இன்னும் ஒரு சோதனை. சமையல் குறிப்புகளைத் தேடலில் காட்டுவதற்கு கூகுள் ஒரே படத்தைச் சதுரம், 4:3, 16:9 என்று மூன்று வடிவங்களிலும் தரச் சொல்கிறது. மூன்றாகவும் வெட்டிப் பாருங்கள். 30 பாகைப் படம் 16:9-க்குக் கச்சிதமாகப் பொருந்தியது. சதுரமாக வெட்டியபோது கிண்ணம் பாதியாக அறுந்தது. கிண்ணத்தைப் பணியாரத்தின் பக்கத்திலிருந்து எடுத்து, பின்னால் சற்றுத் தள்ளி வைத்து மறுபடி எடுத்தேன். முன்னால் வைத்தால் பிட்ட பணியாரத்தை மறைக்கும். பின்னால் வைத்தால் சதுரத்திலும் அடங்கும்.

மற்றப் பண்டங்களுக்கு

இதே முறையை வேறு சமையலுக்கும் வைத்துப் பார்த்திருக்கிறேன். முடிவுகள் மட்டும் வேறு. ரவா தோசையின் வலைப்பின்னலும் ஊத்தப்பத்தின் வெங்காயமும் 90-இல்தான் முழுமையாக வரும். வாழையிலைச் சாப்பாட்டுக்கும் அப்படியே. எந்தக் கறி எந்த மூலையில் என்பது அந்தப் படத்தின் உயிர். குழாய்ப் புட்டைப் 15 பாகைக்கு மேல் தூக்கினால் அடுக்கடுக்கான தேங்காய் வளையங்கள் சுருங்கிவிடும். ஆப்பம்தான் இன்னும் என்னோடு மல்லுக்கட்டுகிறது. நடுவில் மெத்தென்று உப்பிய பகுதிக்குத் தாழ்வாகப் போக வேண்டும். ஓரத்தின் மொறுமொறுப்பான சரிகைக்கு மேலே போக வேண்டும். இப்போதைக்கு 50 பாகை அளவில் வைத்து, ஓரத்தை ஒரு பக்கம் மடித்துவிட்டு ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன்.

தலைப்புப் படமாகத் தோற்ற கோணங்களைத் தூக்கி எறிய வேண்டாம். குழியில் மாவு முக்கால் அளவுதான் ஊற்ற வேண்டும் என்பதைக் காட்ட 90 பாகையைத் தவிர வேறு வழியே இல்லை. அந்தப் படத்தைப் பணியாரக்கல்லுக்கு நேர் மேலே கைப்பேசியை நீட்டி எடுக்கும்போது மட்டும், மாவு ஊற்றிய உடனே எடுத்துவிடுங்கள். மூடிபோட்டுத் திறந்த பிறகு என்றால் ஆவி நேராக லென்ஸில் போய் ஒட்டும். திரையில் தெரியாது, பிறகு பெரிதாக்கிப் பார்க்கும்போதுதான் படம் முழுக்கப் பனிமூட்டமாக இருப்பது தெரியும். அடுப்பைத் தணித்து, லென்ஸை வேட்டி நுனியால் துடைத்துவிட்டு, அடுத்த ஈட்டுக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.